இரண்டாவது ரிப்போர்ட்டில் பித்த அமிலம் குறைந்துவிட்டது, பிரசவத்தைத் தள்ளிப்போடலாமா?

வாசகியின் கடிதம்

"டாக்டர், இது என் முதல் கர்ப்பம். இப்போது 34 வாரம். 30-வது வாரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தது. பகலில் சமாளித்துவிடுவேன், ராத்திரியில் தூங்கவே முடியவில்லை. தடிப்போ கொப்புளமோ இல்லை, நானே சொறிந்துகொண்ட கீறல்கள்தான். வயிறு விரியும்போது அரிக்கத்தான் செய்யும் என்று அம்மா சொன்னதால் இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டேன். 32-வது வாரத்தில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பித்த அமிலம் 52, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 148. கர்ப்பகாலக் கொலஸ்டேசிஸ் என்று சொல்லி உர்சோ மாத்திரை கொடுத்தார். அரிப்பு கொஞ்சம் குறைந்தது. நேற்று வெறும் வயிற்றில் மறுபடி பார்த்ததில் 24 தான். ஆனாலும் 38-வது வாரத்தில் வலி வரவைக்க வேண்டும் என்கிறார். குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வாரா வாரம் எடுக்கும் சி.டி.ஜி. நன்றாகத்தானே இருக்கிறது, எண்ணும் குறைந்துவிட்டது, பிறகு ஏன் தானாக வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது? என் கணவரோ இணையத்தில் எதையோ படித்துவிட்டு, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும், இப்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல் என்று பயப்படுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

மகப்பேறு மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 24-ஐ நம்பிப் பிரசவ நாளைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் கணக்கில் எடுக்க வேண்டிய எண் 52. அதே சமயம், 52 என்பது இன்றைக்கே குழந்தையை வெளியே எடுக்க வேண்டிய எண்ணும் அல்ல. உங்கள் மருத்துவர் சொன்ன 38 வாரம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், உங்கள் கேள்வி, கணவரின் பயம் இரண்டுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

பித்த அமிலங்கள் கல்லீரலில் உண்டாகின்றன. சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி அவற்றைக் குடலுக்குள் இறக்கும். கொழுப்பைச் செரிக்க வைக்கும் வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதி குடலிலிருந்து உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பி வரும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும்போது, பரம்பரையாகவே அதற்கு இடம்கொடுக்கும் உடல்வாகு உள்ள சிலரின் கல்லீரல் இந்த அமிலங்களைப் பித்தநாளத்துக்குள் தள்ளுவதில் பின்தங்கிவிடும். தேங்கியது ரத்தத்தில் கலக்கும். கொலஸ்டேசிஸ், அதாவது பித்தத் தேக்கம் என்று உங்களுக்கு வந்திருப்பது இதுதான்.

இதிலிருந்தே ஒன்று புரியும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் பித்த அமிலம் ஏறும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் பார்த்தால் இறங்கியிருக்கும். 32-வது வாரத்தில் எடுத்தபோது சாப்பிட்டிருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திடீரென்று அனுப்பிய பரிசோதனை என்பதால் சாப்பிட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த முறை வெறும் வயிறு. அப்படியானால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'பாதியாகக் குறைந்துவிட்டது' என்று சொல்ல முடியாது. கர்ப்பகாலப் பித்தத் தேக்கத்துக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணமாகச் சாப்பிட்டு, வழக்கமான நேரத்தில் எடுப்பதே நல்லது, ஏனென்றால் குழந்தையின் ஆபத்தோடு தொடர்புடையது அமிலம் எட்டும் உச்சம். பட்டினி அந்த உச்சத்தை மறைத்துவிடும்.

இடையில் நீங்கள் மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறீர்கள். உர்சோ மாத்திரையில் இருக்கும் உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலமும் ஒரு பித்த அமிலம்தான். மொத்தப் பித்த அமிலத்தை அளக்கும் சாதாரணப் பரிசோதனை அதையும் சேர்த்தே எண்ணும். அதனால் மாத்திரை எடுக்கும் காலத்தில் எண் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒரே அர்த்தம் கொடுத்துவிட முடியாது. இப்போது எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது குறைந்திருந்தால் கல்லீரலுக்கு நல்ல செய்தி. பிரசவ நாளை மட்டும் அதை வைத்து முடிவு செய்ய மாட்டோம்.

19, 40, 100

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று படிகள் இருக்கின்றன. தோலில் தடிப்பு எதுவும் இல்லாத அரிப்போடு, உச்ச அளவு லிட்டருக்கு 19 முதல் 39 மைக்ரோமோல் வரை இருந்தால் லேசான பித்தத் தேக்கம். 40 முதல் 99 வரை நடுத்தரம். 100-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கடுமையானது. லேசானதற்கு 40 வாரத்துக்குள், நடுத்தரத்துக்கு 38 முதல் 39 வாரத்தில், கடுமையானதற்கு 35 முதல் 36 வாரத்தில் பிரசவம் என்று அது பரிந்துரைக்கிறது. ஒருமுறை 52-ஐத் தொட்டுவிட்டதால் நீங்கள் நடுப்படியில் இருக்கிறீர்கள். பிற்பாடு எண் இறங்கினாலும் கீழ்ப்படிக்குப் போவதில்லை. மேலே ஏறினால் மட்டும் படி மாறும்.

எல்லா நாட்டு மருத்துவர்களும் இதே நாளைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 100-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 36 முதல் 39 வாரம் வரை என்று அகலமாகவே இடம் விடுகிறது; 100-ம் அதற்கு மேலும் என்றால் 36 வாரம். அதனால் உங்களைப் போன்ற ஒருவருக்கு வேறொரு மருத்துவர் 37 வாரம் என்று சொன்னால் அவர் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 40 வாரம் தாண்டிக் காத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு

அவர் படித்தது பொய்யல்ல. ஆனால் அது எல்லாப் பித்தத் தேக்கத்துக்கும் பொருந்தாது. 2019-ல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, பல நாடுகளில் இந்தப் பிரச்சினை வந்த பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து அலசியது. ஒற்றைக் குழந்தை சுமந்தவர்களில், உச்ச அளவு 40-க்குக் கீழே இருந்தவர்களிடம் குழந்தை வயிற்றில் இறந்தது 0.13 சதவீதம். 40-க்கும் 99-க்கும் இடையில் 0.28 சதவீதம். 100-ம் அதற்கு மேலும் போனவர்களிடம் 3.44 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் அவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டும் இந்தப் பிரச்சினையே இல்லாத கர்ப்பங்களில் காணப்படும் அளவை ஒட்டியவை. 100-ஐத் தாண்டிய இடத்தில்தான் ஒரேயடியாக எகிறுகிறது. இணையத்தில் வரும் சோகக் கதைகளில் பெரும்பாலும் அந்த எண் எவ்வளவு என்று இருக்காது, அதனால் படிக்கிற எல்லோருக்கும் அது தங்கள் கதையாகவே தெரியும்.

நடுப்படியில் இருப்பவர்களுக்கு ஆபத்து பொதுவான அளவைவிட்டு மேலே போகத் தொடங்குவது 38, 39 வாரத்துக்குப் பிறகுதான். 38 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. அதற்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு வேறு கஷ்டங்கள் இருக்கின்றன. 34 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முழுதாகத் தயாராகியிருக்காது. மூச்சுத்திணறலுக்காகச் சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேரலாம். உறிஞ்சிப் பால் குடிக்கும் திறமையும் விழுங்குவதும் மூச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போக நாளாகும், அதுவரை குழாய் வழியே பால் கொடுக்க வேண்டி வரலாம். உடம்புச் சூடு இறங்கும், சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை அதிகமாகும். பெரும்பாலான குழந்தைகள் இதையெல்லாம் தாண்டி வந்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஆயிரத்தில் மூன்று பேருக்குக்கூட வராத ஒன்றைத் தவிர்க்க, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரக்கூடிய சிரமத்தை இப்போதே வரவழைப்பது நியாயமான பேரமாக எனக்குப் படவில்லை. எண் 110 என்றிருந்தால் நானே 35, 36 வாரத்தில் எடுக்கச் சொல்லியிருப்பேன். அப்போது தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

அப்புறம் ஆபரேஷன் விஷயம். பித்தத் தேக்கம் மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. கர்ப்பப்பை வாயை மருந்தால் இளக வைத்து, வலி வரவைத்து, சுகப்பிரசவத்துக்கு முயல்வதே வழக்கம். முதல் பிரசவம் என்பதால் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம், பொறுமையோடு போங்கள். குழந்தை குறுக்கே கிடப்பது, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது போல வேறு காரணம் இருந்தால் அது தனிக் கதை. பித்தத் தேக்கத்தில் குழந்தை உள்ளேயே மலம் கழித்து பனிக்குட நீர் பச்சையாவது கொஞ்சம் அதிகம் நடக்கும், அதனால் வலி நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

சி.டி.ஜி. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வாரா வாரம் சி.டி.ஜி. நன்றாக இருப்பதால் காத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அந்த நினைப்பைத்தான் நான் மிகவும் மாற்ற விரும்புகிறேன். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் குழந்தைக்கு ஊட்டம் மெல்ல மெல்லக் குறையும் கர்ப்பங்களில், ஸ்கேனில் வளர்ச்சி பின்தங்குவதும் ரத்த ஓட்டம் மாறுவதும் நமக்கு முன்கூட்டியே தெரியும். பித்தத் தேக்கத்தில் நடப்பது அப்படியல்ல. அதிகமான பித்த அமிலம் குழந்தையின் இதயத்துடிப்பின் ஒழுங்கைத் திடீரென்று குலைத்துவிடுகிறது என்றே கருதப்படுகிறது. குழந்தை நல்ல எடையில், போதுமான பனிக்குட நீரோடு இருக்கும்போதே இது நேரலாம். சி.டி.ஜி. காட்டுவது அந்த அரை மணி நேரம் குழந்தை எப்படி இருந்தது என்பதை மட்டும்தான். அடுத்த வாரத்துக்கு அதில் உத்தரவாதம் இல்லை. அதனால்தான் சோதனைகள் நன்றாக இருந்தாலும் நாளைக் குறித்துவிடுகிறோம்.

சி.டி.ஜி.யைவிட உங்களுக்கே நன்றாகத் தெரிந்த ஒன்று குழந்தையின் அசைவு. குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருக்கும்: எந்த நேரம் அதிகம் உதைக்கும், எப்போது அடங்கும் என்று. அந்த வழக்கம் குறைந்தாலோ மாறினாலோ, நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். 'நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்கத்தானே போகிறோம்' என்று காத்திருக்க வேண்டாம். அங்கே போனதும் பித்தத் தேக்கம் இருப்பதையும் 52 என்ற எண்ணையும் முதலிலேயே சொல்லுங்கள், இரவுப் பணியில் இருப்பவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது.

மாத்திரையும் அரிப்பும்

உர்சோவால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்ற எண்ணமும் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருப்பதாகத் தோன்றுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 33 மருத்துவமனைகளில் 605 பெண்களிடம் இந்த மாத்திரையை மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. குழந்தை இறப்பு, குறைப்பிரசவம், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது மாத்திரையால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அரிப்பு சராசரியாகக் கொஞ்சம்தான் குறைந்தது. உங்களுக்குக் குறைந்திருக்கிறது என்பதால் தொடருங்கள், கர்ப்பத்தில் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் மருத்துவர் கொடுத்ததில் தப்பே இல்லை. மாத்திரை எடுக்கிறேன் என்பதை மட்டும் நாளைத் தள்ளுவதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

அரிப்பு குறைவதும் அப்படித்தான். அரிப்பின் கடுமையும் பித்த அமிலத்தின் அளவும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. 30 உள்ளவர் ராத்திரி முழுக்க அழுவார், 120 உள்ளவர் 'லேசாக நமைக்கிறது' என்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா சொன்ன விரிவு அரிப்பு உண்மையிலேயே உண்டு, ஆனால் அது வயிற்றிலும் தொடையிலும்தான் பெரும்பாலும் வரும், பல சமயம் தோல் விரிந்த வரிகளின் மேல் சிவந்த தடிப்பும் கூடவே வரும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரியில் அரித்தால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். முதல் தடவை சரியாக இருந்தாலும் அரிப்பு தொடர்ந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அரிப்பு முதலில் வந்து எண் பிறகுதான் ஏறும்.

இரவைக் கடத்த, மென்தால் கலந்த க்ரீமைப் பூசிக்கொள்வது, குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்திருப்பது, நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது, மெல்லிய பருத்தித் துணி உடுத்துவது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரையை இரவில் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது அரிப்பை நிறுத்தாது, ஆனால் உங்களைத் தூங்க வைக்கும்.

இனிவரும் நான்கு வாரம்

இதைப் படிக்கும்போது நீங்கள் 35 வாரத்தை நெருங்கியிருப்பீர்கள். இந்த வாரமே மறுபடி ரத்தம் கொடுங்கள், இம்முறை சாப்பிட்டுவிட்டு, அதே ஆய்வகத்தில். 35-ஐ நெருங்கும்போது பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: எண் 100-ஐத் தொட்டிருந்தால் முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே வரலாம். முடிவு எப்போது வரும் என்பதையும் ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் மாதிரியை வெளியே அனுப்புவதால் நாட்கள் ஆகும், ரிப்போர்ட் ஒரு வாரம் கழித்து வந்தால் இந்தக் கட்டத்தில் அதனால் பெரிய பயன் இல்லை.

100-க்குக் கீழேயே நின்றால் 38 வாரத்தில் போய்ச் சேருங்கள். 100-ஐத் தாண்டினால் அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், நாள் முன்னால் வரும். இரட்டைக் குழந்தை, கர்ப்பகால ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை ஆகியவற்றில் ஏதாவது கூட இருந்தாலும் நாள் முன்னால் வரலாம். பித்தத் தேக்கம் உள்ளவர்களுக்குக் கடைசி இரண்டும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன, அதனால் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கண் மஞ்சளானாலோ, கடுமையான தலைவலி, இடைவிடாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஏதாவது வந்தாலோ உடனே போங்கள். அது பித்தத் தேக்கத்தின் இயல்பு அல்ல, வேறு கல்லீரல் கோளாறாக இருக்கலாம்.

உங்கள் கோப்பை நான் கையில் வைத்துப் பார்க்கவில்லை. ஆகவே நான் எழுதியதை உங்கள் மருத்துவரிடம் காட்டி, "என்னுடைய உச்ச அளவு எது, அதை வைத்து எந்த நாள்?" என்று கேளுங்கள். கணவரையும் கூட அழைத்துப் போங்கள், அவருடைய பயத்துக்குப் பதில் அந்த அறையிலேயே கிடைக்கட்டும்.

குழந்தை பிறந்ததும் அரிப்பு சில நாட்களில், அதிகம் போனால் இரண்டொரு வாரத்தில் நின்றுவிடும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பிரசவமாகி குறைந்தது நான்கு வாரம் கழித்துக் கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கைக்குழந்தையோடு அலைய முடியாமல் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போதும் எண்கள் சரியாகாமல் இருந்தால் கர்ப்பத்துக்குத் தொடர்பில்லாத கல்லீரல் நோய் ஒன்று உள்ளே இருக்கலாம் என்று அர்த்தம், கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வரும் வாய்ப்பு நிறையவே உண்டு. அதனால் அப்போது முதல் மாதங்களிலேயே கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை அரிக்க ஆரம்பித்த அன்றே ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்